சந்தையில திட்டிக்கிறாங்க, சிரிச்சுக்கிறாங்க, யாருக்கும் கோவம் வரல. ஏன்?

உச்சிவெயில் | ஜூன் 2, காலை

பேரம் நடக்குற இடத்துல வியாபாரியும் வாங்க வந்தவங்களும் பேசிக்கிறத அப்படியே தாள்ல எழுதி, எங்க பேசுனதுன்னு சொல்லாம ஒருத்தர்கிட்ட நீட்டுங்க, கைகலப்புல முடிஞ்சிருக்கும்னுதான் நெனப்பாங்க. "பகல் கொள்ளைக்காரன்", "கஞ்சப்பிசினாரி", "வாங்குற மூஞ்சியா இது", "உங்கள நம்பி கடை போட்டா நான் திண்ணையிலதான் படுக்கணும்". இதே வார்த்தைய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சந்தையில சொன்னா அடுத்த வாரம் அதே கடைக்குத்தான் போறோம்.

"சும்மா விளையாட்டுக்கு"ன்னு சொல்லி முடிச்சுடாதீங்க. விளையாட்டா சொன்ன வார்த்தையே சில நேரம் சட்டையப் பிடிக்கிற வரைக்கும் போயிருக்கு, கண்ணால பாத்திருக்கேன். அப்போ எது காப்பாத்துது, எது கவுத்துவிடுது? என்னோட எண்ணம் என்னன்னா அங்க திட்டுறது ஆளை இல்ல, விலைய. ஆளு சும்மா நடுவுல நிக்கிறாரு.

வரப்பு | ஜூன் 2, மதியம்

இதுல யோசிக்க என்ன இருக்கு. வியாபாரத் தந்திரம். சிரிக்க வச்சா ஆளு நகர மாட்டான், நகரலன்னா வாங்குவான். கோவப்பட்டா வியாபாரம் போயிடும், அதனால கோவப்பட மாட்டாங்க. அவ்ளோதான்.

உச்சிவெயில் | ஜூன் 2, மதியம்

வியாபாரி பக்கம் நீங்க சொல்றது சரி. ஆனா வாங்குறவங்களும்தான திட்டுறாங்க? அவங்களுக்கு என்ன நஷ்டம், பக்கத்துக் கடைக்குப் போனா போச்சு. அவங்க ஏன் "வாங்குற மூஞ்சியா இது"ன்னு கேட்டதுக்கு அப்புறமும் சிரிச்சுக்கிட்டே திரும்பி வர்றாங்க? தந்திரம்னா ஒரு பக்கம்தான் இருக்கணும், இங்க ரெண்டு பக்கமும் சரிசமமா நடக்குது.

ரிமோட்கைல | ஜூன் 2, மாலை

நான் ஷோரூம்ல ஹெட்போன் வாங்கப் போயி இதே மாதிரி பேசிப் பாத்தேங்க. "என்ன தம்பி, இந்த விலைக்கு பாட்டு நீங்களே வந்து பாடுவீங்களா"ன்னு கேட்டேன். பையன் மேனேஜரக் கூப்ட்டான், மேனேஜர் செக்யூரிட்டியப் பாத்தாரு. எப்படிப் பேசுனா ஷோரூம்ல விலை குறைப்பாங்கன்னு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

உச்சிவெயில் | ஜூன் 2, இரவு

நான் கேட்டது வேற, ஆனா உங்க கதை என் கேள்விக்கு நல்லா உதவுது. அந்தப் பையனால விலையக் குறைக்கவே முடியாது, விலைய அச்சடிச்சு ஒட்டுனது வேற யாரோ. நீங்க சொன்ன கேலி போய் விழ அங்க விலைங்கிற ஒரு இடமே இல்ல. மிச்சம் இருக்குறது அந்தப் பையன் மட்டும்தான், அதனால அவன் மேல விழுந்துச்சு. ஆடுற விலை இருக்குற இடத்துலதான் இந்தப் பேச்சு பொழைக்கும்.

உச்சிவெயில் | ஜூன் 3, காலை

நேத்து நைட்டு இத யோசிச்சுக்கிட்டே இருந்தேன், ஒரு பேரத்த முழுசா எழுதுறேன். எங்க அத்தை போர்வை வாங்குனது, நான் பக்கத்துல நின்னேன். கடைக்காரர் அத்தைக்கு ஓரளவு தெரிஞ்ச ஆளு, ரொம்பப் பழக்கம்னு சொல்ல முடியாது. எனக்கு நெனவு இருக்குற வரைக்கும் எழுதுறேன், வார்த்தை முன்னப்பின்ன இருக்கும்.

மொதல்ல மரியாதை. "வாங்கக்கா", "நல்லாருக்கீங்களாண்ணே". இந்த இடத்துல ஒரு முரட்டு வார்த்தையும் கிடையாது. அப்புறம் போர்வைய எடுத்து விரிச்சுப் பாத்து விலை கேட்டாங்க. அவர் சொன்ன உடனே அத்தை போர்வையக் கீழ போட்டுட்டு, "ஏண்ணே, நூல்ல நெஞ்சதா இல்ல உங்க பேராசையில நெஞ்சதா?" அவரு, "பேராசையில நெஞ்சிருந்தா இத விரிச்சா தெரு நீளத்துக்கு வரும்க்கா, நீங்க மடிக்கவே முடியாது."

அத்தை பாதி விலை சொன்னாங்க. அவரு, "இந்தக் காசுக்குத் தொட்டுப் பாக்கலாம். தொட்டுட்டீங்க, காச வச்சிட்டுக் கெளம்புங்க." அத்தை விடல, "தொட்டதுக்கே கையெல்லாம் சாயம், என் கையக் கழுவ நீங்கதான் காசு தரணும்."

இங்கதான் நான் கவனிச்ச விஷயம். அவரு சிரிச்சுக்கிட்டே, "உங்க கையில அழுக்கு இருந்தா என் போர்வைக்குப் பழியா?"ன்னு திருப்பிக் குடுத்தாரு, குடுத்துக்கிட்டே பாட்டில் தண்ணியில ஒரு வெள்ளைத் துணிய நனைச்சு போர்வை முனையில அழுத்தித் தேச்சு அத்தை கையில குடுத்துட்டாரு. துணி வெள்ளையாவே இருந்துச்சு. அத்தையும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல, ஆனா அதுக்கப்புறம் சாயத்தப் பத்தின கேலி நின்னு போச்சு. அவங்க கேட்டது நெசமான கேள்வி, சாயம் போகுமா போகாதான்னு. நேராக் கேட்டிருந்தா "உங்கள நான் நம்பல"ன்னு ஆயிருக்கும். கேலியாக் கேட்டதால அவருக்கு நிரூபிச்சுக் காட்ட ஒரு வழி கெடச்சுது, ரெண்டு பேர் முகமும் கெடாம.

அப்புறம் அத்தை நடக்க ஆரம்பிச்சாங்க, பின்னாலேருந்து அந்த "வாங்குற மூஞ்சியா இது". அத்தை திரும்பி, "விக்கிற மூஞ்சியப் பாத்து பயந்துதான் போறேன்." பக்கத்துக் கடைக்காரங்கல்லாம் சிரிக்க, "ஏக்கா, கோச்சுக்காத, வா வா, வந்து ஒரு வெலையச் சொல்லு"ன்னு கூப்ட்டாரு. முக்கால் பங்கு விலைக்குக் கொஞ்சம் கீழ முடிஞ்சுது. காசு கை மாறுன உடனே பேச்சு மாறிடுச்சு பாருங்க, "மொத தடவ தனியா ஊற வச்சு அலசுங்கக்கா, வெயில்ல போடாம நெழல்ல போடுங்க." திரும்பவும் பழைய மரியாதை.

அதாவது வரவேற்குறப்ப இல்ல, காசு வாங்குனதுக்கு அப்புறம் இல்ல, நடுவுல விலை ஆடுற நேரத்துக்கு மட்டும்தான் இந்தப் பேச்சுக்கு அனுமதி.

மொழியியல்காரி | ஜூன் 3, மதியம்

போர்வைக் கதை அருமை. இதுல ஒரு விதி ஒளிஞ்சிருக்கு. வில்லியம் லபோவ்னு அமெரிக்க மொழியியலாளர், நியூயார்க் ஹார்லெம்ல கறுப்பினப் பசங்க ஒருத்தன ஒருத்தன் போட்டி போட்டுத் திட்டிக்கிற விளையாட்டப் பத்தி 1972ல எழுதுனாரு. ஏன் அடிதடி ஆகலன்னு அவரும் கேட்டாரு. அவர் கண்டது, திட்டுற விஷயம் பொய்னு திட்டுறவன், வாங்குறவன், சுத்தி நிக்கிறவன் எல்லாருக்கும் பட்டவர்த்தனமாத் தெரியணும். அப்பதான் அது விளையாட்டு. கொஞ்சம் உண்மை கலந்துட்டா அது சொந்தத் திட்டு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பதிலப் பாருங்க. விளையாட்டுத் திட்டுக்குப் பதில் இன்னொரு திட்டு. உண்மையாக் குத்துன திட்டுக்குப் பதில் மறுப்பு, இல்லன்னா விளக்கம். "பேராசையில நெஞ்சதா"ங்கிறதுக்கு அவரு "இல்லக்கா, நூல் விலை ஏறிப்போச்சு"ன்னு விளக்கம் குடுத்திருந்தா ஆட்டம் அங்கயே முடிஞ்சிருக்கும். தெரு நீளத்துக்கு இழுத்தாரு பாருங்க, அந்த மிகைதான் ரெண்டு பேரையும் பத்திரமா வச்சுது.

உச்சிவெயில் | ஜூன் 3, மதியம்

விளக்கம் வந்தா கேலி செத்துப்போச்சுன்னு அர்த்தம். இது எனக்கு நல்லாப் புரியுது. ஆனா சாயம் விஷயத்துல பாதி உண்மை இருக்கே, அது ஏன் குத்தல? எனக்குத் தோணுறது, அவரு வாயால ஆட்டத்த விளையாடிக்கிட்டே கையால விளக்கம் குடுத்தாரு. விளக்கம் தனி ரூட்ல போச்சு.

தராசுமுள் | ஜூன் 3, இரவு

எங்க குடும்பம் மூணு தலைமுறையா சந்தைக் கடை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் பைய ஓரமா வச்சுட்டு தராசு பிடிச்ச ஆளு. நீங்க எல்லாரும் எழுதுறது சரிதான், ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், எதச் சொன்னாலும் எடையப் பத்தி மட்டும் சொல்லக் கூடாது. கொள்ளைக்காரன்னு சொல்லு, சிரிப்போம். விலை நாங்க வாய்விட்டுச் சொல்றது, உனக்குப் பிடிக்கலன்னா வாங்காத, அதுல திருட்டு கிடையாது, அதனால அந்த வார்த்தை ஒட்டாது. "எடை குறையுது"ன்னு சொன்னா அது எல்லாக் கடையிலயும் நடக்கக்கூடியது, பக்கத்துல நிக்கிறவங்களும் காது குடுத்துக் கேப்பாங்க, ஒருத்தரு நகர்ந்து போனாலும் போயிடுவாங்க. அங்க கேலி கிடையாது.

ஒருத்தரு வந்து, நல்ல மனுசன்தான், எங்க அப்பாவ எப்பவும் கிண்டல் பண்றவரு, ஒரு நாள் கூட்டமா இருந்தப்ப "உங்க தராசுக்குக் கட்டைவிரல் ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருக்குதோ"ன்னு கேட்டுட்டாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. எங்க அப்பா சிரிக்கல. தட்ட எறக்கி, எல்லாத்தையும் கொட்டிட்டு, வெறுந்தட்டக் காட்டி, மறுபடி நிறுத்து, கையத் தூரமா எடுத்து நின்னாரு. அப்புறம், "இந்தாங்க சார். வேற ஏதாவது வேணுங்களா சார்?" அவ்ளோதான். அது வரைக்கும் "யோவ்"னு கூப்பிட்டவர அன்னிக்கு மொத தடவையா சார்னு கூப்பிட்டாரு. அந்த சார்தான் கோவம். எங்க கடைகள்ல கோவம் வந்தா சத்தம் ஏறாதுங்க, மரியாதைதான் ஏறும். "அக்கா" போய் "மேடம்" வந்தா கெளம்பிடுங்க.

வரப்பு | ஜூன் 3, இரவு

சரி, தந்திரம் மட்டும் இல்லன்னு ஒத்துக்குறேன். சார் விஷயம் செம.

ஈரக்குடை | ஜூன் 4, காலை

எல்லாரும் ரசிச்சு எழுதுறீங்க, நான் கொஞ்சம் குறுக்க வர்றேன். பொண்ணுங்களுக்கு இது அவ்வளவு சுளுவா இல்ல. அத்தை வயசுல இருக்குறவங்க கிண்டல் பண்ணா கடைக்காரர் கையெடுத்துக் கும்புடுறாரு. காலேஜ் படிக்கிறப்ப நான் பேரம் பேசுனா கிண்டல் விலையிலேருந்து நழுவி என் பக்கம் வந்துடும், "விலை குறைச்சா என்ன தருவ"ன்னு ஒருத்தர் கேட்டாரு, சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நீங்க வெளியிலேருந்து பாத்திருந்தா "யாருக்கும் கோவம் வரல"ன்னு எழுதியிருப்பீங்க. எனக்கு வந்துச்சு. நான் காட்டல, காட்டுற தெம்பு அப்ப இல்ல. அந்தக் கடைப் பக்கமே அப்புறம் போகல.

அதனால "ஏன் கோவம் வரல"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "வந்தத யார் காட்ட முடியும்"னு கேளுங்க.

உச்சிவெயில் | ஜூன் 4, மதியம்

இத நான் ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். நீங்க சொல்றத என்னோட எண்ணத்துக்குள்ளயே வச்சுப் பாக்குறேன், அந்த ஆளு கேட்டது விலையப் பத்தின பேச்சு மாதிரி வேஷம் போட்ட வேற பேச்சு. அத்தை கேஸ்ல ஒவ்வொரு வார்த்தையும் போர்வைக்கோ விலைக்கோ திரும்ப வந்துச்சு, நூல், சாயம், தொடுறது. உங்க கேஸ்ல அது திரும்பல. இன்னொண்ணு, நீங்க அதே மாதிரி அவருக்குத் திருப்பிக் குடுத்திருக்க முடியுமா? முடியாது. திருப்பிக் குடுக்க முடியாத கேலிய கேலின்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா உங்க கடைசிக் கேள்வி இன்னும் நிக்குது. வெளியிலேருந்து பாக்குறவங்களுக்கு ரெண்டு சிரிப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மொழியியல்காரி | ஜூன் 4, மாலை

திருப்பிக் குடுக்குறதுன்னு சொன்னீங்களே, அதுக்கு மானுடவியல்ல ஒரு பழைய விவாதம் இருக்கு. ராட்கிளிஃப் பிரௌன்னு ஒரு மானுடவியலாளர் 1940ல எழுதுனாரு, சில உறவுகள்ல ஒருத்தர் இன்னொருத்தரக் கேலி பண்ணலாம், சில இடத்துல பண்ணியே ஆகணும், கேக்குறவர் கோவிச்சுக்கக் கூடாதுங்கிறது முறைன்னு. ரெண்டு பேரும் பண்ணிக்கிற வகையும் இருக்கு, ஒருத்தர் மட்டும் பண்ண, மத்தவர் தாங்கிக்கிற வகையும் இருக்குன்னு பிரிச்சாரு. நமக்கு இது புதுசே இல்ல, மாமன் மச்சான் கேலி நம்ம வீட்டுலயே ஓடுது. அவரோட காரணம் என்னன்னா, எங்க சேர்ந்து இருந்தே ஆகணுமோ, ஆனா நலன் வேற வேறயா இருக்கோ, அங்க மோதாம இருக்க ரெண்டு வழி. ஒண்ணு ரொம்ப மரியாதை காட்டி விலகி நிக்கிறது, இன்னொண்ணு கேலி.

தராசுமுள் சொன்ன "சார்" இப்பப் புரியுதா? கேலி உடைஞ்ச உடனே அவரோட அப்பா அந்த இன்னொரு வழிக்கு மாறிட்டாரு. சண்டைக்குப் போகல.

சந்தைக்கு நேராப் பொருந்துறது கிளிஃபோர்ட் கீர்ட்ஸ்னு இன்னொரு மானுடவியலாளர் எழுதுனது. மொராக்கோவுல செஃப்ரூங்கிற ஊர் பஜாரப் பாத்து 1978ல எழுதுன கட்டுரை. பஜார்ல நல்ல சரக்கு எது, சரியான விலை எதுங்கிற தகவல்தான் பஞ்சம், அதனால ஜனங்க ஒரே ஆள்கிட்ட திரும்பத் திரும்பப் போறாங்க, அவரோட உக்காந்து ஆழமாப் பேரம் பேசுறாங்கங்கிறாரு. முக்கியமான விஷயம், அந்த வாடிக்கை உறவு எசமான் வேலைக்காரன் மாதிரி இல்லயாம். சமமானது, அதே நேரம் எதிரெதிர் நிக்கிறது. கேலிய அவர் காரணமாச் சொல்லல, அத நான் சேக்குறேன். சமமா இருக்கணும், எதிரெதிரா இருக்கணும், நாளைக்கும் பாக்கணும். இந்த மூணும் சேர்ந்தா கேலி தாங்கும். ஈரக்குடை சொன்ன இடத்துல மொதல் விஷயமே இல்ல.

ரிமோட்கைல | ஜூன் 4, இரவு

அப்போ ஷோரூம்ல வாய்ப்பே இல்லன்றீங்க. சரி விடுங்க.

தராசுமுள் | ஜூன் 5, காலை

சமம்னு எழுதிட்டீங்க, அங்க எனக்கு ஒரு நெருடல். கடை வச்சிருந்த எங்களுக்கு அது சரி. தரையில சாக்கு விரிச்சு உக்காந்திருக்குற வயசான அம்மாகிட்ட கார்ல வந்து எறங்குறவரு குனியாம நின்னுக்கிட்டு "ஏம்மா, நீ என்ன பங்களா கட்டப் போறியா"ன்னு கேக்குறாரு. வார்த்தை நம்ம வார்த்தைதான், நானே எத்தன பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஆனா அந்தம்மா "சாமி, நீ பாத்துக் குடு சாமி"ன்னு சொல்லிடும். திருப்பிக் குடுக்காது. அவரு அவங்க பெரியம்மாவ நீன்னு சொல்லுவாரா? இங்க மட்டும் நீ.

அதே அம்மா பக்கத்துல வந்து குத்த வச்சு உக்காந்து பேசுற இன்னொரு பாட்டிகிட்ட வாயத் தொறந்தா நாங்கல்லாம் காதப் பொத்திக்குவோம், அவ்வளவு பேசும். ஆள் அதேதான், நாக்கும் அதேதான், எதிர்ல யார் நிக்கிறாங்கங்கிறதுதான்.

வரப்பு | ஜூன் 5, மதியம்

நீங்க கொஞ்சம் ஓவராப் பாக்குறீங்களோ? அந்தம்மாவுக்குப் பேச அன்னிக்கு மனசில்லாம இருந்திருக்கலாம். எல்லாத்தையும் பெரியவன் சின்னவன்னு பிரிச்சா யாரும் வாயே தொறக்க முடியாது.

தராசுமுள் | ஜூன் 5, மதியம்

ஒரு நாள் மனசில்லன்னா சரி. கார்ல வர்றவங்க வர்றப்ப மட்டும் மனசில்லாமப் போகுமா?

உச்சிவெயில் | ஜூன் 6, காலை

வரப்பும் தராசுமுள்ளும் இதுல ஒத்துப்போக மாட்டீங்க போல, நான் தராசுமுள் பக்கம். ஆனா நடைமுறையில எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு யோசிச்சப்ப ஒரு விஷயம் பட்டுது. மொத முரட்டு வார்த்தை யார் சொல்றாங்கன்னு பாருங்க. அத்தை கேஸ்ல அத்தைதான் ஆரம்பிச்சாங்க, ஆனா பேராசைன்னு சின்னதா ஒண்ணு போட்டுட்டு நிறுத்தி அவர் முகத்தப் பாத்தாங்க. அவரு அதவிடப் பெருசா திருப்புன பிறகுதான் சாயம், மூஞ்சின்னு மேல போனாங்க. திரும்பி வந்த அளவ வச்சுதான் அடுத்தது. கார்காரர் எடுத்த உடனே பங்களாவுல ஆரம்பிக்கிறாரு, பதில் வரல, இருந்தும் நிறுத்தல. பதில் வராத இடத்துல ரெண்டாவது கேலி போட்டா அது வெறும் திட்டு.

ஈரக்குடை | ஜூன் 6, மாலை

இது எனக்கு சம்மதம். இப்பல்லாம் நான் பேரம் பேசுறப்ப கிண்டல் பொருள விட்டு நகர்ந்தா உடனே பொருளுக்கே இழுத்துட்டு வந்துடுறேன், "அதெல்லாம் இருக்கட்டும், தையல் ஏன் பிரிஞ்சிருக்கு"ன்னு. நல்ல ஆளா இருந்தா அவரும் தையலுக்கு வந்துடுவாரு. வரலன்னா நான் நடந்துடுவேன். எப்பவும் வேலை செய்யுதுன்னு சொல்ல மாட்டேன்.

தராசுமுள், அந்தக் கட்டைவிரல் கேட்டவரு என்ன ஆனாரு? திரும்ப வந்தாரா?

தராசுமுள் | ஜூன் 6, இரவு

வந்தாரு, கொஞ்ச நாள் கழிச்சு. மன்னிப்பு கேக்க வாயெடுத்தாரு, அப்பா பேச்ச மாத்திட்டாரு, கூட்டத்துல அதத் திரும்ப எடுத்தா எடை விஷயம் இன்னொரு தடவை ஊர் காதுல விழும்ல. அவரும் புரிஞ்சுக்கிட்டு கொஞ்ச நாள் சார் போட்டே வாங்கிட்டுப் போனாரு, நிறுக்குறப்ப தராசப் பாக்காம வேற பக்கம் திரும்பி நிப்பாரு. அது அவரு வேணும்னே பண்ணது. அப்புறம் ஒரு நாள் சில்லற இல்லாம நோட்ட நீட்டுனாரு, அப்பா வாங்கிப் பாத்துட்டு, "யோவ், இந்த நோட்ட நீயே வீட்டுல வரைஞ்சதா?" அதுக்கு அவரு, "வரைஞ்சதுதான், உன் மூஞ்சிதான் சரியா வரல." அன்னிக்கு அப்பா கொசுறு கொஞ்சம் அள்ளிப் போட்டாரு.

ஆனா எடையப் பத்தி அவரு அதுக்கப்புறம் பேசவே இல்ல. அப்பாவும் அவருக்கு நிறுக்குறப்ப மட்டும் கையத் தள்ளியே வச்சுப்பாரு, கடைசி வரைக்கும்.